94-இல் நிற்கும் வேகம்

ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடிகளே போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கதவிடுக்கில் நசுங்கியோ, பிளக் அருகே அடிக்கடி மடங்கியோ நீல அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தால், பல கருவிகள் ஜிகாபிட்டை முயன்று பார்த்துவிட்டு 100-க்கு இறங்கிவிடும். இணைப்பு துண்டிக்கப்படாததால், பழி பெரும்பாலும் இணைய நிறுவனத்தின் மேல்தான் விழும்.

300 மெகாபிட் திட்டத்தில், கேபிள் வழியான வேகச் சோதனை ஒவ்வொரு முறையும் 94 அருகிலேயே நின்றால் கேபிளைச் சந்தேகிக்கலாம். விண்டோஸின் ஈதர்நெட் அமைப்பில் Link speed 100/100 (Mbps) என்றிருக்கும். வேறு கேபிளைச் செருகியதும் அது 1000/1000 ஆனால் பழையதுதான் குற்றவாளி. மாறாவிட்டால் ரூட்டரின் போர்ட்டே 100 மெகாபிட் வகையாக இருக்கலாம். மலிவு ரூட்டர்களில் இது சகஜம்.