ஒரே துளை, இரு வேறு பயன்: சங்க அலுவலகத்தில் கைபேசி

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரு சங்கங்களைப் பார்வையிட நேர்ந்தது. ஒன்று திருச்சிராப்பள்ளி உறையூரில் உள்ள நெசவாளர் சங்கம். மற்றது காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கம் வட்டத்தில் உள்ள வாழை விவசாயிகள் சங்கம். இரண்டிலும் கணிப்பொறி பழுதுபட்டுக் கிடந்தது. புதியது வாங்க நிர்வாகக் குழு அனுமதி தரும்வரை காத்திராமல், இரு காரியதரிசிகளும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே யோசனையில் இறங்கியிருந்தனர். பழுதுபட்ட கணிப்பொறியின் திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகிய மூன்றும் நல்ல நிலையில்தான் இருந்தன. அவற்றைக் கைபேசியோடு இணைத்துவிட்டால் கைபேசியே கணிப்பொறியாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு.

உறையூரில் அந்தக் கணக்கு பலித்தது. நாம் சென்றபோது எழுத்தர் பெரிய திரையில் நெசவுக் கூலிப் பட்டியலைத் திறந்துவைத்து, பக்கத்திலேயே நூல் இருப்பு விவரத்தை மற்றொரு சன்னலில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கம் பக்கத்துச் சங்கத்திலோ திரை கறுப்பாகவே இருந்தது. காரியதரிசி மிகவும் மனம் வாடியிருந்தார். சிங்காரத்தோப்பில் 2,200 ரூபாய் கொடுத்து, சங்கத்தின் சில்லறைச் செலவுக் கணக்கில், ‘ஹப்’ என்னும் இணைப்புப் பெட்டி ஒன்றை வாங்கியிருந்தார். “ஐயா, கடைக்காரர் மோசம் செய்துவிட்டார். தணிக்கையில் ஆட்சேபணை வந்தால் என் கையிலிருந்துதான் கட்டவேண்டும்” என்றார்.

கடைக்காரர் மோசம் செய்யவில்லை என்பதை அங்கேயே ஒருவாறு ஊகிக்க முடிந்தது. பெட்டியில் சொருகியிருந்த மவுஸை அசைத்தோம். கைபேசியின் சிறு திரையில் அம்புக்குறி ஓடிற்று. விசைகளைத் தட்டினோம், எழுத்துகள் விழுந்தன. படம் மட்டும் பெரிய திரைக்குப் போகவில்லை. இவ்வாறு விசைப்பலகையும் மவுஸும் வேலை செய்து, திரை மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்று காட்டுமானால், குற்றம் பெரும்பாலும் பெட்டியில் அன்று, கைபேசியில் இருக்கிறது. ஐயம் தீரும்பொருட்டு அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு மறுநாள் உறையூர் சென்று அங்குள்ள கைபேசியில் சொருகினோம். சில நொடிகளில் திரையில் படம் வந்தது.

இதன் காரணத்தை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம். இப்பொழுது வரும் கைபேசிகளின் அடியில் நீள்வட்டமான துளை ஒன்று இருக்கிறது. எந்தப் பக்கமாகவும் சொருகக்கூடிய அதனை ‘யு.எஸ்.பி.-சி’ என்பர். அதனுள் பக்கத்துக்குப் 12 ஆக 24 தொடுமுனைகளுக்கு இடம் உண்டு. அவற்றுள் சில மின்சாரத்துக்கு. சில பழைய மெதுவான செய்திப் பாதைக்கு. மற்றும் சில மிக வேகமான பாதைகளுக்கு. விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் மெதுவான பாதையே போதும். அது ஏறக்குறைய எல்லாக் கைபேசிகளிலும் உண்டு. படம் செல்வதற்கோ வேகப் பாதைகள் வேண்டும். அப்பாதைகளைப் படத்துக்காக ஒதுக்கிக் கொடுக்கும் முறைக்கு ‘டிஸ்ப்ளேபோர்ட் மாற்று முறை’ என்று பெயர். இது 2014ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இதனைக் கைபேசியில் வைப்பதும் வைக்காததும் தயாரிப்பாளர் விருப்பம். விலை குறைந்த கைபேசிகள் பெரும்பாலானவற்றில் வேகப் பாதைகளுக்கான கம்பிகளே உள்ளே இணைக்கப்படுவதில்லை. துளையின் வடிவம் மட்டும் ஒன்றாகவே இருக்கும்.

மெதுவான பாதையிலேயே படத்தை அனுப்பினால் என்ன என்று காரியதரிசி கேட்டார், நியாயமான கேள்விதான். சாதாரணத் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட் வேண்டும். படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்குச் சற்றேறக்குறைய 300 கோடி பிட் ஆகிறது. ‘யு.எஸ்.பி. 2.0’ எனப்படும் மெதுவான பாதையின் உச்ச அளவோ நொடிக்கு 48 கோடி பிட். காவிரியில் வரும் வெள்ளம் முழுவதையும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் திருப்பிவிட முடியுமா? படத்தைச் சுருக்கி மெதுவான பாதையிலேயே அனுப்பும் ‘டிஸ்ப்ளேலிங்க்’ என்ற தனிவகைப் பெட்டிகளும் உண்டு. ஆனால் அவற்றுக்கென்று ஒரு செயலியைக் கைபேசியில் நிறுவவேண்டும். வருவதும் கைபேசித் திரையின் அதே பிரதிதான். பட்டியல் எழுதும் வேலைக்கு அது உகந்ததன்று என்பது நம் கருத்து.

இந்தப் ‘பிரதி’ என்ற சொல்லில் இன்னொரு விஷயம் அடங்கியிருக்கிறது. படம் போனால் மட்டும் போதாது. சில கைபேசிகள் தம் சிறு திரையை அப்படியே பெரிதாகக் காட்டும். திரையின் நடுவே நெட்டையான ஒரு பட்டைதான் தெரியும். 2023ஆம் ஆண்டில் யு.எஸ்.பி.-சி துளையோடு வந்த ஐபோன் 15 இவ்வகையைச் சேர்ந்தது. வேறு சில கைபேசிகள் பெரிய திரைக்கென்று கணிப்பொறி போன்ற மேசைத் தோற்றத்தைத் தனியே அமைத்துக்கொள்ளும். சாம்சங் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் கேலக்ஸி எஸ் 8 கைபேசியோடு கொணர்ந்த ‘டெக்ஸ்’ அத்தகையது. தொடக்கத்தில் அதற்கென்று ஒரு தாங்கி வேண்டியிருந்தது. 2018இல் நோட் 9 வந்தபின் சாதாரண இணைப்புப் பெட்டியே போதுமானதாயிற்று. மோட்டோரோலா நிறுவனமும் 2021 முதல் தன் உயர்விலைக் கைபேசிகள் சிலவற்றில் இதுபோன்ற வசதியை அளித்துள்ளது. உறையூரில் இருந்தது அங்கத்தினர் ஒருவர் கொடுத்த பழைய கேலக்ஸி எஸ் 10. 2019ஆம் ஆண்டு வந்தது. மேல்கண்ணாடி ஓரத்தில் விரிசல் விட்டிருந்தபடியால் அவர் அதனை ஒதுக்கிவிட்டாராம்!

இணைக்கும் முறையை உறையூர் எழுத்தர் நமக்குச் செய்து காட்டினார். முதலில் சார்ஜரின் கம்பியை இணைப்புப் பெட்டியின் மின்துளையில் சொருகினார். அடுத்துத் திரையிலிருந்து வரும் ‘எச்.டி.எம்.ஐ.’ கம்பியையும், விசைப்பலகை, மவுஸ் இரண்டின் கம்பிகளையும் பொருத்தினார். எல்லாம் முடிந்த பிறகே பெட்டியின் வாலைக் கைபேசியில் சொருகினார். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. வேலை நடக்கும்போது சார்ஜரைச் சொருகினாலும் பிடுங்கினாலும், பெட்டியும் கைபேசியும் எவ்வளவு மின்சாரம் கொடுப்பது, பெறுவது என்று மறுபடியும் பேசி முடிவு செய்துகொள்கின்றன. அச்சமயம் திரை ஓரிரு நொடி அணைந்து எரியும். அதைக் கண்டு பழுது என்று எண்ணி எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுவோர் உண்டு.

சங்கத்துப் பழைய திரைகள் பலவற்றில் நீலநிற ‘வி.ஜி.ஏ.’ துளை மட்டுமே இருக்கும். அப்படியானால் அந்தத் துளையும் உள்ள பெட்டியைக் கேட்டு வாங்கவேண்டும். விசைப்பலகையும் வேலை செய்யவில்லையென்றால் வேறு சோதனை தேவை. சில கைபேசிகளில் ‘ஓ.டி.ஜி.’ என்ற அமைப்பை நாமே இயக்கிவிட வேண்டும். சும்மா இருந்தால் சில நிமிடங்களில் அது தானே அணைந்தும் விடும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் என்ன ஆகும் என்று கேட்டோம். திரை அணைந்துவிடும், ஆனால் கைபேசி தன் பாட்டரியில் விழித்திருக்கும், எழுதியது ஒன்றும் அழியாது. முன்பு கணிப்பொறி திடீரென்று நின்று அரைநாள் பதிவு போன அனுபவம் எழுத்தருக்கு உண்டாதலால், இந்த ஒன்றே அவருக்குப் பெரிய திருப்தி.

சங்கடம் தமிழில்தான் வந்தது. கைபேசித் திரையில் தோன்றும் விசைகளில் தமிழ் வருகிறது என்பதால் வெளியே இணைத்த விசைப்பலகையிலும் வரும் என்று கொள்ளலாகாது. தமிழ்நாடு அரசு 1999ஆம் ஆண்டில் ஏற்ற தமிழ் 99 முறையில் பழகிய எழுத்தர் விசைகளைத் தட்டினால் ஆங்கில எழுத்துகளே விழுந்தன. வெளி விசைப்பலகை இணைந்திருக்கும்போதும் திரை விசைகள் தோன்றும்படி அமைப்புகளில் மாற்றிக்கொண்டு, அங்கத்தினர் பெயர்களை மவுஸால் தட்டியும், எண்களை விசைப்பலகையிலும் அவர் உள்ளிட்டு வருகிறார். பெயர்கள் ஒருமுறை ஏறிவிட்டால் மாதாமாதம் மாறுவன கூலித் தொகைகள்தானே என்பது அவர் சமாதானம். நீண்ட கடிதங்கள் எழுதும் சங்கத்துக்கு இது சரிப்படாது. அவர்கள் தங்கள் தமிழ்ச் செயலி வெளி விசைப்பலகையை ஏற்கிறதா என்று முன்கூட்டியே சோதித்துக்கொள்வது நலம்.

இனி, இந்த ஏற்பாட்டால் ஆகாதவை. விண்டோஸ் கணிப்பொறிக்கென்று எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் கைபேசியில் ஓடாது. மின்னணுக் கையொப்பத்துக்காகச் சொருகும் சிறு சாதனமும் பெரும்பாலும் அத்தகைய கணிப்பொறியையே எதிர்பார்க்கும். ஊசிமுனையால் அச்சிடும் பழைய அச்சு இயந்திரத்துக்கும் இதில் வழியில்லை. வைஃபை வழியே இயங்கும் அச்சு இயந்திரமானால் அச்சிடலாம். பட்டியல், இருப்பு விவரம், மின்னஞ்சல், இணையதளத்தில் நிரப்பும் படிவங்கள் ஆகியவை தடையின்றி நடக்கும்.

ஆய்வாளர் என்ற முறையில் நாம் இரண்டு ஆட்சேபணைகளை உறையூரில் எழுதிவைத்தோம். எஸ் 10 கைபேசிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன; ஆகவே சங்கத்தின் வங்கிக் காரியம் எதையும் அதில் செய்யலாகாது. இரண்டாவது, அது இலவசமாக வந்ததாயினும் தளவாடப் பதிவேட்டில் ஏறவேண்டும். அதில் உள்ள கணக்கு முகவரி எழுத்தருடையதாக இல்லாமல் சங்கத்தினுடையதாக இருக்கவேண்டும். எழுத்தர் நாளை வேறு வேலைக்குச் சென்றால் கூலிப் பட்டியலும் அவரோடு சென்றுவிடக்கூடாதல்லவா? இரண்டையும் அவர்கள் அன்றே ஒப்புக்கொண்டனர்.

இணைப்புப் பெட்டியை ஸ்ரீரங்கம் பக்கத்துக் காரியதரிசியிடம் திருப்பிக் கொடுத்து, அது நல்ல நிலையில் இருப்பதை எழுத்து மூலம் குறித்துக் கொடுத்தோம். அவருடைய கைபேசியின் விவரத் தாளை இணையத்தில் எடுத்துப் பார்த்தபோது USB 2.0 என்றே அச்சாகியிருந்தது. USB 3 வகை என்றிருந்தால் மட்டும் படம் வந்துவிடும் என்பதும் நிச்சயமன்று. DisplayPort என்ற சொல் அத்தாளில் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. அதைவிட மேலானது, கடையிலேயே கைபேசியை ஒரு பெட்டியோடும் திரையோடும் சொருகிக் காட்டச் சொல்வது.

அச்சங்கம் அறுவடைக் காலத்தில் தார்களின் எடையைத் தோட்டத்திலேயே பதிவதற்காக ஒரு கைபேசி வாங்க முன்பே தீர்மானித்திருந்தது. விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில், படம் வெளித்திரைக்குச் செல்லவேண்டும், மேசைத் தோற்றம் இருக்கவேண்டும், பணம் கொடுக்குமுன் சங்கத்தின் சொந்தப் பெட்டியில் சொருகிக் காட்டவேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளைக் காரியதரிசி தம் கையாலேயே சேர்த்தார். 2,200 ரூபாய் ஆட்சேபணையை, அந்தக் கைபேசி வந்து சேரும்வரை நாம் நிறுத்திவைத்திருக்கிறோம்.