பால் காய்ச்சும் முன்பே தேதி போட்டு வாங்குங்கள்!

வாடகை வீடு மாறும்போது நான் பட்ட அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படியுங்கள். அடுத்த வீடு பார்க்கும்போது கண்டிப்பாக உதவும்.

எங்களுக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். என் கணவருக்கு ஒரகடம் ரோட்டில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. கார் கம்பெனிகளும் செல்போன் கம்பெனிகளும் வந்தபிறகு ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி வாடகைக்கு விடுவதற்கென்றே அவசர அவசரமாகக் கட்டின வீடுகள் ஏராளம். சுவர் இருக்கும், கரண்ட் இருக்கும். ஆனால் செல்ஃபுக்குக் கதவு இருக்காது, குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். கேட்டால், "நீங்க முதல்ல குடி வாங்கம்மா, ஒரு வாரத்துல எல்லாம் பண்ணித் தந்துடறேன்" என்பார்கள்.

2021-ல் அப்படித்தான் ஒரு வீட்டுக்குப் போனோம். சமையலறைக் குழாய் மாற்றுவதாகவும், பெட்ரூம் செல்ஃபுக்குக் கதவு போடுவதாகவும் ஓனர் சொன்னார். பேச்சை நம்பி முழு அட்வான்ஸும் கொடுத்துப் பால் காய்ச்சிவிட்டோம். கதவு கடைசிவரை வரவில்லை. இரண்டு வருஷமும் பழைய புடவையைத் திரையாகக் கட்டித்தான் துணிமணி வைத்தேன். குழாய்க்கு அவர் சொன்ன பதில்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "குழாய் மாத்துறது குடியிருக்கிறவங்க வேலைம்மா, சட்டமே அப்படித்தான்" என்றார்.

பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு விசாரித்தால் அதில் விஷயம் இருந்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று 2017-ல் போடப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் பின்னால் ஒரு அட்டவணை. அதில் யார் யார் எந்த ரிப்பேரைப் பார்க்க வேண்டும் என்று பிரித்திருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர் பைப் லைன் மாற்றுவது, கரண்ட் ஒயரிங் இவையெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், குழாய் மாற்றுவது, சுவிட்ச், பூட்டு, கைப்பிடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. செல்ஃபுக்குப் புதிதாகக் கதவு போடுவது ரிப்பேரே கிடையாது, புது வேலை. அதனால் அந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். "குழாய் நான் மாற்றித் தருகிறேன்", "கதவு போட்டுத் தருகிறேன்" என்று ஓனர் சொல்வது அவர் மனசு வைத்துத் தரும் வாக்கு. அதை எழுதி வாங்காவிட்டால் நம் கையில் ஒன்றும் இல்லை. பட்டியலுக்கு மாறாகப் பேசி முடித்திருந்தால் அது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். டைப் அடித்துத் தரும் வாடகைப் பத்திரத்தில், "வீடு நல்ல நிலையில் இருப்பதைப் பார்த்து ஏற்றுக்கொண்டு குடி வருகிறேன்" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். நாமும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவோம். எழுதிக் கையெழுத்தான பத்திரத்துக்கு முரணாக வாய்ப்பேச்சைச் சாட்சியாகக் காட்டுவதைச் சாட்சியச் சட்டம் பொதுவாக ஏற்காது. பத்திரத்தில் வராத விஷயம் என்றால் வாதாடிப் பார்க்கலாம். ஆனால் அன்றைக்கு ஓனர் வாசலில் நின்று சொன்னதற்கு யார் சாட்சி? ஆகவே அந்த வரிக்குப் பக்கத்திலேயே, "இணைப்பில் உள்ள வேலைகள் நீங்கலாக" என்று எழுதச் சொல்லுங்கள்.

2023-ல் வேறு வீடு பார்த்தோம். வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 50,000. ஆடி மாதம் என்பதால் ஆவணி பிறந்ததும் ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை குடி போவதாக முடிவு செய்தோம். இந்த முறை டோக்கன் அட்வான்ஸாக 5,000 மட்டும் கொடுத்துவிட்டு, என் பெண்ணின் கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எல்லாவற்றையும் எழுதினேன். ஓனர் வயசானவர், நல்ல மனுஷர். "என்னம்மா, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். "நம்பிக்கை இல்லாம இல்லீங்கய்யா. உங்களுக்கு ஆயிரம் வேலை, எனக்கும் மறதி. ரெண்டு பேருக்கும் ஞாபகத்துக்குத்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

தாளில் ஒவ்வொரு வேலைக்கும் நான்கு விஷயம் எழுதினேன். என்ன வேலை, எந்தச் சாமான், யார் செலவு, எந்தத் தேதிக்குள். "ஆடி போகட்டும்", "பொங்கலுக்குள்ள" என்று சொல்வதையெல்லாம் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த ஆடி, எந்தப் பொங்கல் என்று பிறகு கேட்பார்கள்! இங்கிலீஷ் தேதி போட்டு வாங்குங்கள்.

சமையலறைக் குழாய்க்கு, "அரை இஞ்ச், பித்தளை, குரோம் பூச்சு, பெரிய பாத்திரம் கழுவும்படி நீள மூக்கு உள்ளது, ஓனர் செலவு, ஆகஸ்ட் 14-க்குள்" என்று எழுதினேன். ஹால் பெயின்ட் ஆகஸ்ட் 10-க்குள். இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் சாவி, 35,000 ரூபாயும் அப்போதுதான். வாடகையும் சாவி வாங்கும் நாளிலிருந்துதான் ஆரம்பம். செல்ஃப் கதவுக்கு ஆசாரி கிடைக்கவில்லை என்றார், அதனால் அதற்கு மட்டும் செப்டம்பர் 10 வரை தவணை. "3 அடி அகலம், 6 அடி உயரம், இரண்டு கதவு, பிளைவுட்டில் மைக்கா ஒட்டியது, கைப்பிடி, பூட்டுடன்" என்று அளவோடு எழுதினேன். மீதி 10,000 அட்வான்ஸ் கதவு போட்ட பிறகு என்றும், தேதி தாண்டிப் போனால் 7,000 ரூபாய்க்குள் நாங்களே போட்டு வாடகையில் கழித்துக்கொள்வோம் என்றும் சேர்த்தேன். அப்படிக் கழித்தால் கதவு வீட்டோடு அவருடையது, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போக மாட்டோம் என்றும் எழுதினேன். இதை எழுதாவிட்டால் போகிற நேரத்தில் அதுவே சண்டையாகும்.

நானும் ஒரு தப்புச் செய்தேன். பாத்ரூம் குழாய்க்கு வெறுமனே "புதுக் குழாய்" என்று மட்டும் எழுதிவிட்டேன். பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிட்டார்கள். புதுசுதானே, கேட்க முடியுமா? எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. ஆறே மாதத்தில் உப்புப் படிந்து திருகவே முடியாமல் போய்விட்டது.

வேலை முடிந்தது என்றதும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். டேங்க் நிரம்பியிருக்கும்போது குழாயை முழுசாகத் திறந்து மூடி, கீழே காய்ந்த கிண்ணம் வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தால் சரியில்லை. பழைய குழாய்க்கு வாஷர் மட்டும் மாற்றிச் சமாளிப்பதும் உண்டு. உள்ளே வாஷர் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் மறுபடி சொட்டும். அதனால்தான் "ரிப்பேர்" என்று எழுதாமல் "புதிதாக மாற்றித் தர வேண்டும்" என்று எழுதச் சொல்கிறேன்.

குழாயைச் சுற்றியுள்ள சுவரையும் கையால் தடவிப் பாருங்கள். பிளம்பர் குழாயை அதிகமாக முறுக்கினால் சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் எல்போ விரிசல் விடும். குழாய் சொட்டாது, ஆனால் நாலைந்து நாளில் சுவர் ஈரம் பூக்கும். அது குழாய் அல்ல, பைப் லைன். ஓனர் பார்க்க வேண்டியது. எங்கள் பிளம்பர், "மரை பித்தளையில இருக்கிற எல்போ போட்டா இந்தத் தொல்லை குறையும்மா" என்று சொன்னார். எனவே அட்வான்ஸ் முழுவதும் கொடுப்பதற்கு முன் நாலைந்து நாள் பார்த்துக்கொள்வது நல்லது.

கதவு விஷயம் என்னாச்சு என்று கேட்பீர்கள். செப்டம்பர் 10 வந்தது, ஆசாரி வரவில்லை. முந்தைய வீடாக இருந்தால் நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த முறை தாளை எடுத்துக்கொண்டு ஓனர் வீட்டுக்குப் போனேன். "ஆமாம்மா, தேதி தாண்டிடுச்சு" என்று அவரே ஒப்புக்கொண்டு, கீழே செப்டம்பர் 24 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும், "ஐயா, இன்று பேசியபடி கதவு செப்டம்பர் 24-க்குள்" என்று வாட்ஸ்அப்பிலும் ஒரு செய்தி அனுப்பினேன். அவரும் சரி என்று பதில் போட்டார். 23-ஆம் தேதி கதவு வந்துவிட்டது. 10,000 ரூபாயைக் கொடுத்து, தாளில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்கினேன். குரல் உயரவில்லை, மனஸ்தாபம் இல்லை. பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்குக் கரும்பு வந்தது!

அந்தத் தாளை இரண்டாக எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். வாடகைப் பத்திரத்தில் இணைப்பு என்று குறிப்பிட்டு, தாளிலும் இருவரும் கையெழுத்துப் போட்டோம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கிராம ஊராட்சிப் பகுதியில் வீடு பார்ப்பவர்கள், இந்தச் சட்டம் தங்கள் இடத்துக்குப் பொருந்துமா என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பொருந்தினாலும் இல்லாவிட்டாலும் கையெழுத்துப் போட்ட தாள் தாள்தான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள் தோழிகளே. பால் காய்ச்சி, சாமான் இறக்கி, முழு அட்வான்ஸும் கொடுத்த பிறகு நாம் கேட்பது கெஞ்சல். அதற்கு முன்னால் கேட்டால் அது பேச்சுவார்த்தை. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டுதான் வீடு பார்க்கப் போங்கள்.

- ஒரு வாசகி, ஸ்ரீபெரும்புதூர்.