பங்குடைமைப் பட்டியலும் நிபந்தனைத் தாளும்

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் கெனத் ஓல்சன், ஹார்லன் அன்டர்சன் என்னும் பொறியியலாளர் இருவர் டிஜிற்றல் எக்குயிப்மன்ற் என்ற கணனிக் கம்பனியைத் தொடங்கினர். அவர்களுக்கு வேண்டிய முதலை, 1946இல் நிறுவப்பட்ட அமெரிக்கன் றிசேர்ச் அன்ட் டிவெலப்மன்ற் என்னும் முதலீட்டு நிறுவனம் வழங்கியது. வழங்கிய பங்கு முதல் 70,000 டொலர். அதற்கு ஈடாக அந்நிறுவனம் பெற்றதோ கம்பனியின் உடைமையில் நூற்றுக்கு ஏறக்குறைய எழுபது. இக்காலத்தில் ஒரே முறையில் இத்துணைப் பெரும் பகுதியை விட்டுக்கொடுப்பார் அரியர். புதுக் கம்பனிகள் இன்று பல சுற்றுகளிற் சிறிது சிறிதாக முதல் திரட்டுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் உடைமை எவ்வாறு பிரிகின்றது என்பதைக் காட்டும் கணக்கே பங்குடைமைப் பட்டியல். வர்த்தக உலகினர் இதனைச் சுருக்கமாகக் 'கப் ரேபிள்' என்பர். முதலிடுவோர் தாம் எந்நிபந்தனைகளிற் பணம் தரச் சித்தமாயுள்ளனர் என்று எழுதித் தரும் சில பக்கங்களே நிபந்தனைத் தாள், அதாவது 'ரேர்ம் ஷீற்'. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் படித்தாலன்றி, தொடங்கியவருக்கு உண்மையில் எஞ்சுவது யாதென்பது விளங்காது.

ஒரு கற்பனைக் கம்பனியை எடுத்துக்கொள்வோம். அது கலிபோர்னியாவில் மூத்தவர், இளையவர் என்னும் இருவர் தொடங்கியது. மூத்தவருக்கு 420,000 பங்குகள்; இளையவருக்கு 280,000 பங்குகள்; ஆக 7 இலட்சம். நூற்றுக்கு அறுபதும் நாற்பதும் என்பதே முதற் பட்டியல். முதலீட்டாளர் ஒருவர் வருகின்றார். கம்பனியின் மதிப்பு, தம் பணம் சேருமுன், 40 இலட்சம் டொலர் என ஏற்றுக்கொண்டு 10 இலட்சம் டொலர் இட முன்வருகின்றார். பணம் சேர்ந்தபின் மதிப்பு 50 இலட்சமாதலின், அவருக்குரியது ஐந்திலொன்று, அதாவது நூற்றுக்கு 20.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் எவருடைய பங்கையும் பறிப்பதில்லை என்பதாகும். கம்பனி புதிய பங்குகளை வெளியிட்டு அவருக்கு விற்கின்றது. மூத்தவரிடம் முன்னிருந்த 420,000 பங்குகள் அப்படியே இருக்கின்றன. மொத்தத் தொகை பெருகுதலால் அவருடைய வீதம் மட்டும் குறைகின்றது. இரசாயன ஆய்வுகூடத்தில் நீர் சேர்க்க அமிலம் ஐதாகின்றது. ஆயின் அதிலுள்ள அமிலத்தின் அளவு குறைவதில்லை. அச்சொல்லையே கடன்வாங்கி இந்நிகழ்ச்சியைப் பங்கு ஐதாதல் எனலாம். ஆனால் உவமை முற்றும் பொருந்தாது. இங்கே சேர்க்கப்படுவது வெறும் நீரன்று, பணம். கேட்கவேண்டியது அதன் விலை தகுந்ததா என்பதே.

மேற்கூறிய நிபந்தனைத் தாளில் இன்னுமொரு வரி இருக்கின்றதெனக் கொள்வோம். இனிச் சேரப்போகும் ஊழியருக்கு வழங்கவென, முதலீட்டிற்குப் பிந்திய மொத்தத்தில் நூற்றுக்கு 10 பங்குகள் ஒதுக்கப்பட வேண்டும்; அவ்வொதுக்கீடு முதலீட்டிற்கு முந்திய மதிப்பினுள் அடங்கும் என்பதே அவ்வரி. படிப்போர் பலர் இதனைச் சிறு விவரமென்று கடந்து செல்வர். கணக்கைச் செய்து பார்த்தால் இதன் கனம் தெரியும். முதலீட்டாளருக்கு 20, ஊழியர் ஒதுக்கீட்டிற்கு 10. எஞ்சிய 70 தொடங்கியவர்களுக்கு. அவர்களிடம் 7 இலட்சம் பங்குகள் இருத்தலின் மொத்தம் 10 இலட்சம் பங்குகள் ஆதல் வேண்டும். முதலீட்டாளருக்கு 2 இலட்சம் பங்குகள். பங்கொன்றின் விலை 5 டொலர். அவ்விலையில் தொடங்கியவர்களின் 7 இலட்சம் பங்குகளுக்கு மதிப்பு 35 இலட்சம் டொலரே. தாளின் தலைப்பில் 40 இலட்சம் என்று எழுதியிருப்பினும், இன்னும் வேலைக்கு வராத ஊழியருக்கான 5 இலட்சம் டொலர் தொடங்கியவர் பையிலிருந்து மட்டும் எடுக்கப்பட்டுவிட்டது. இவ்வொதுக்கீட்டை முதலீட்டின் பின் செய்திருந்தால் முதலீட்டாளரும் தம் பங்கிற்கு ஐதாகி நூற்றுக்கு 18 பெற்றிருப்பார். தொடங்கியவர்களுக்கு 72 எஞ்சியிருக்கும். ஆகவே மதிப்புத் தொகையைப் பார்ப்பவர், அதனை எத்தனை பங்குகளால் வகுத்து விலை காண்கின்றனர் என்பதையும் பார்த்தல் வேண்டும்.

ஒதுக்கீடு தேவையற்றதன்று. தகுந்த ஊழியரைச் சேர்க்கப் பங்கு வேண்டும். ஆயின் அடுத்த ஒன்றரை ஆண்டில் யார் யாரைச் சேர்க்கப் போகின்றோம் என்று பெயரளவிலேனும் ஒரு நிரல் எழுதி, நூற்றுக்கு 6 போதுமென்று காட்டக் கூடியவர், பத்து என்னும் வழக்கத் தொகையை ஏற்க வேண்டியதில்லை.

இரண்டாஞ் சுற்று வருகின்றது. முந்திய மதிப்பு 120 இலட்சம் டொலர். புதிய முதல் 30 இலட்சம். பிந்திய மதிப்பு 150 இலட்சம். பங்கொன்றின் விலை 12 டொலர். புதிய பங்குகள் 250,000. இப்போது பட்டியல் பின்வருமாறு அமையும்:

| உடையவர் | பங்குகள் | நூற்றுக்கு |
|---|---|---|
| மூத்தவர் | 420,000 | 33.6 |
| இளையவர் | 280,000 | 22.4 |
| முதலாம் முதலீட்டாளர் | 200,000 | 16 |
| ஊழியர் ஒதுக்கீடு | 100,000 | 8 |
| இரண்டாம் முதலீட்டாளர் | 250,000 | 20 |
| மொத்தம் | 1,250,000 | 100 |

புதியவருக்கு 20 கொடுத்தமையால் மூத்தவரின் 42 இலிருந்து 20 ஐக் கழித்து 22 என்று கூறுவது தொடக்கத்தினர் செய்யும் தவறு. ஐதாதல் கழித்தலன்று, பெருக்கல். எல்லாரும் தத்தம் பங்கில் ஐந்திலொன்றை இழக்கின்றனர். 42 ஐ 0.8 ஆற் பெருக்க 33.6 வரும். வீதம் இவ்வாறு குறைந்தபோதும், மூத்தவரின் பங்குகள் முன்பு 21 இலட்சம் டொலராக மதிக்கப்பட்டவை இப்போது 50.4 இலட்சமாக மதிக்கப்படுகின்றன.

மதிப்பு என்பது கையில் வந்த பணமன்று. முதலீட்டாளர் வாங்குவது சாதாரண பங்கன்று, முன்னுரிமைப் பங்கு. கம்பனி விற்கப்படும்போது அல்லது கலைக்கப்படும்போது யார் முதலில் எவ்வளவு எடுப்பர் என்பதை நிபந்தனைத் தாளில் வரும் முன்னுரிமை வாசகம் தீர்மானிக்கும். பட்டியலிலோ அதன் சாயல்கூடத் தோன்றாது.

நம் கம்பனி 100 இலட்சம் டொலருக்கு விற்கப்படுகின்றதெனக் கொள்வோம். ஒதுக்கிய பங்குகள் யாவும் ஊழியர் கைக்குச் சென்றுவிட்டன என்றும், அவற்றிற்கு ஊழியர் செலுத்தும் விலையை நீக்கியும் கணக்கிடுவோம். முதலில், இட்ட தொகையின் ஒரு மடங்கு, பங்குபற்றாத முன்னுரிமை என்னும் வாசகம். இதன்படி முதலீட்டாளர் தாம் இட்ட பணத்தைத் திரும்ப எடுக்கலாம். அல்லது அவ்வுரிமையை விட்டுச் சாதாரண பங்குதாரரோடு சேர்ந்து பங்கிடலாம். இரண்டும் செய்ய முடியாது. இரண்டாம் முதலீட்டாளர் சேர்ந்து பங்கிட்டால் 20 இலட்சமே கிடைக்கும். ஆகவே இட்ட 30 இலட்சத்தை எடுத்துக்கொள்கின்றார். மீதி 70 இலட்சத்தை ஏனைய 10 இலட்சம் பங்குகளுக்குப் பிரித்தால் பங்கொன்றிற்கு 7 டொலர். முதலாமவர் 5 டொலருக்கு வாங்கியவராதலின் பங்கிடுதலே அவருக்கு இலாபம். 14 இலட்சம் பெறுகின்றார். மூத்தவருக்கு 29.4 இலட்சம்.

இனி, அதே வாசகத்திற் 'பங்குபற்றும்' முன்னுரிமை என்று இருப்பின் நிகழ்வது வேறு. முதலீட்டாளர் இருவரும் முதலில் தம் 40 இலட்சத்தை எடுப்பர். பின்னர் எஞ்சிய 60 இலட்சத்திலும் எல்லாரோடும் பங்கு கொள்வர். பங்கொன்றிற்கு 4.80 டொலர். மூத்தவருக்குக் கிடைப்பது 20.16 இலட்சம் மட்டுமே. பட்டியலில் அவருடைய 33.6 ஒரு புள்ளியும் மாறவில்லை. 'பங்குபற்றாத' என்பதில் எதிர்மறை போனமையால் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட டொலர் போயிற்று. நூற்றுக்கு 33.6 என்றால் 100 இலட்சத்தில் 33.6 இலட்சம் என்று நம்பியிருந்தவருக்கு இவ்விரண்டு விடைகளும் வியப்பளிக்கும். விற்பனை விலை 150 இலட்சத்திற்கு மேற்படின், பங்குபற்றாத முன்னுரிமை உடையோர் அனைவரும் அதனை விட்டுப் பங்கிடவே விரும்புவராதலின், பட்டியலின் வீதங்கள் அப்போதுதான் உண்மையாகும்.

விலை வீழ்ச்சியுற்ற சுற்றுக்கும் நிபந்தனைத் தாள் முன்கூட்டியே விதி செய்துவிடும். மூன்றாஞ் சுற்றில் பங்கின் விலை 6 டொலராக வீழ்ந்து, 250,000 பங்குகள் விற்கப்படுகின்றன எனக் கொள்வோம். முழு ஈடு என்னும் கடுமையான விதி இருப்பின், 12 டொலருக்கு வாங்கிய இரண்டாமவர் தாமும் 6 டொலருக்கு வாங்கியவராகவே கருதப்படுவார். அவருடைய 250,000 பங்குகள் 500,000 ஆக எண்ணப்படும். நிறையிட்ட சராசரி என்னும் விதி, புதிதாக வந்த தொகை பழைய பங்குத் தொகையோடு ஒப்பிட எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுக்கின்றது:

```
12 × (1,250,000 + 125,000) ÷ (1,250,000 + 250,000) = 11
```

இங்கு 125,000 என்பது, புதிய 15 இலட்சம் டொலர் பழைய 12 டொலர் விலையில் வாங்கியிருக்கக் கூடிய பங்குகள். விலை 12 இலிருந்து 11 ஆகின்றது. இரண்டாமவருக்குக் கூடுவது ஏறக்குறைய 22,727 பங்குகள் மட்டும். இவ்விரண்டாவது விதியே இன்று பெருவழக்கு. முழு ஈட்டைக் கேட்பவர் கம்பனியின் எதிர்காலத்தில் ஐயமுடையவர் என்றே கொள்ளலாம்.

பணத்தைப் பற்றிய வாசகங்கள் இவை. ஆட்சியைப் பற்றியனவும் உள. பணிப்பாளர் சபையில் யாருக்கு எத்தனை இடம், கம்பனியை விற்கவோ புதுப் பங்கு வெளியிடவோ எவருடைய சம்மதம் வேண்டும் என்பன அவற்றுட் பெரியன. தொடங்கியவரின் பங்குகளே பெரும்பாலும் நான்கு ஆண்டுகளிற் படிப்படியாக அவருக்கு உரித்தாகும் என்றும், முதலாண்டு முடியுமுன் விலகுபவருக்கு ஒன்றுமில்லை என்றும் எழுதப்படுதல் வழக்கம். தொடங்கியவர் இருவருள் ஒருவர் ஆறே மாதத்தில் விலகிச் சென்று, நூற்றுக்கு நாற்பதைத் தம்மோடு கொண்டுபோவதை இவ்விதி தடுக்கின்றது. ஆகவே இது முதலீட்டாளருக்கு மட்டுமன்றி, எஞ்சி நின்று உழைப்பவருக்கும் காவலாகும்.

நிபந்தனைத் தாள் முழுவதும் சட்டத்தாற் கட்டுப்படுத்துவதன்று. மதிப்பு, முன்னுரிமை முதலியன பின்னர் எழுதப்படும் விரிவான ஒப்பந்தங்களிலேயே வலுப்பெறும். ஆயின் இரண்டு வாசகங்கள் கையொப்பமிட்ட அன்றே கட்டுப்படுத்துவன: ஒன்று இரகசியம் பேணல், மற்றையது, குறித்த சில வாரங்களுக்குள் வேறு எம்முதலீட்டாளரோடும் பேசாதிருத்தல். கையொப்பமிடுமுன் இருவர் மூவர் போட்டியிட்டு நின்றிருப்பினும், இட்டபின் ஒருவரே எஞ்சுவர். கம்பனியின் கைப்பணம் அவ்வாரங்களிற் கரைந்துகொண்டே இருக்கும். ஆதலால் ஒதுக்கீடு எம்மதிப்பினுள் அடங்கும், முன்னுரிமை பங்குபற்றுவதா பற்றாததா என்னும் வினாக்களைப் பின்னர் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவைப்பவர், அவற்றைக் கேட்கும் வேளையில் பேரம்பேச வேறொருவர் இல்லாத நிலையில் இருப்பர்.