ஒரு கேஸ் ஷீட்டில் மூன்று நோய்ப்பெயர்கள்

மகப்பேறு மருத்துவத் தேர்வில் கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம், பிரீ-எக்ளாம்ப்சியா, எக்ளாம்ப்சியா மூன்றையும் பெரும்பாலான மாணவர்கள் தனித்தனி நோய்களாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒரே தாயின் கேஸ் ஷீட்டைப் புரட்டினால், ஒன்றிலிருந்து இன்னொன்று வருவது தெளிவாகும்.

23 வயது, முதல் கர்ப்பம், 33-வது வாரம். பி.பி. 146/94. நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் 144/92. முன்பு அழுத்தம் இருந்ததில்லை. சிறுநீரில் புரதமும் இல்லை, ரத்தப் பரிசோதனைகளும் சரி. 20 வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொட்ட இந்த நிலைதான் கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம். லேபட்டலால் மாத்திரை, அடிக்கடி பி.பி., சிறுநீர், ரத்தப் பரிசோதனை, ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி. பிரசவம் 37 வாரம் நிறைந்த பிறகு.

35-வது வாரத்தில் 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 300 மில்லிகிராமைத் தாண்டுகிறது. இப்போது இது பிரீ-எக்ளாம்ப்சியா. புரதம் இல்லாவிட்டாலும் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினாலோ, கிரியேட்டினின் 1.1-ஐத் தாண்டினாலோ, கல்லீரல் நொதிகள் இரு மடங்கானாலோ இதே பெயர்தான். இதை எழுதாத விடை பாதி விடை. கால் வீக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

அன்று மாலையே கடும் தலைவலி, கண்முன் மின்னல், பி.பி. 168/112. இது தீவிர நிலை. 34 வாரம் தாண்டிவிட்டதால் நிலைப்படுத்தியதும் பிரசவம்தான் வழி. மெக்னீசியம் ஏற்பாடாகும் முன்பே உடல் முழுக்க வலிப்பு வந்துவிடுகிறது: எக்ளாம்ப்சியா.

இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, மூச்சுப்பாதையைக் காத்து, ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். பிரிட்சர்ட் முறைப்படி மெக்னீசியம் சல்பேட் 4 கிராம் நரம்பில் மெதுவாக, கூடவே ஒவ்வொரு புட்டத்திலும் 5 கிராம் ஆழமாக. பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், பிரசவம் அல்லது கடைசி வலிப்பு, எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை. ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 12-க்கு மேலா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையாமல் வருகிறதா. மருந்து மிகுந்தால் முதலில் மறைவது முழங்கால் அனிச்சை. மூச்சு அடங்குவது அதற்குப் பிறகு. அதனால்தான் சுத்தியலுக்கு இங்கே அவ்வளவு மதிப்பு. முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதக் கரைசல் 10 மில்லி கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மெக்னீசியம் வலிப்பைத் தடுக்கும், பி.பி.யைக் குறைக்க அதை நம்ப முடியாது. அதற்கு லேபட்டலால் 20 மில்லிகிராம் நரம்பில், அல்லது நிஃபெடிபின் 10 மில்லிகிராம் வாய்வழி. வலிப்புக்கான மருந்தையும் பி.பி.க்கான மருந்தையும் குழப்பி எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

தாய் நிலைப்பட்டதும் பிரசவம். கர்ப்பப்பை வாய் இளகியிருந்தால் சுகப்பிரசவத்துக்கே முயலலாம், சிசேரியன் கட்டாயமில்லை. ரத்தப்போக்கைத் தடுக்க ஆக்சிடோசின் போதும், மெத்தில் எர்கோமெட்ரின் கூடாது. குழந்தை பிறந்த பிறகும் வலிப்பு வரலாம், முக்கியமாக முதல் 48 மணி நேரத்தில். 12 வாரம் கழித்தும் அழுத்தம் இறங்காவிட்டால் அவருக்கு இருப்பது நாட்பட்ட உயர் ரத்த அழுத்தம்.