‘இ’ எங்கே, ‘ஆன்’ எங்கே?

பிரான்சில் ஒரு வீடு. வேலைக்குக் கிளம்பும் மனைவி, இன்னும் எழுந்திருக்காத கணவனுக்குக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் துண்டுச்சீட்டு ஒட்டிவிட்டுப் போகிறாள். தக்காளி தீர்ந்துவிட்டது, சந்தைக்குப் போ, மூன்று வாங்கு, மறந்துவிடாதே. விஷயம் இவ்வளவுதான். இதைப் பிரெஞ்சில் எழுதும்போது ‘தக்காளி’, ‘சந்தை’ என்ற சொற்களைத் திரும்பத் திரும்பப் போட்டால் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கும். அதைத் தவிர்க்க அந்த மொழியில் இரண்டு குட்டிச் சொற்கள் இருக்கின்றன. ஒன்று ‘இ’. ‘அங்கே’, ‘அதற்கு’, ‘அதைப் பற்றி’ என்ற பொருள்களில் வரும். இன்னொன்று மூக்கொலியோடு சொல்லும் ‘ஆன்’. ‘அதில்’, ‘அதிலிருந்து’, ‘அவற்றில் இத்தனை’ என்று பொருள்.

பொருளைப் புரிந்துகொள்வது பெரிய பாடில்லை. எங்கே வைப்பது என்பதில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

சாதாரண வாக்கியத்தில் இரண்டும் வினைக்கு முன்னால் நிற்கும். ‘ஜி வே’ என்றால் நான் அங்கே போகிறேன். நடுவில் இருக்கும் ‘இ’தான் அந்த ‘அங்கே’. ஆனால் ஏவலாகச் சொல்லும்போது இடம் மாறிவிடுகிறது. ‘வா’ என்றால் பிரெஞ்சில் ‘போ’ (தமிழ்க் காதுக்கு நேர் எதிர், முதல் வாரம் எல்லோரும் சிரிப்பார்கள்). அங்கே போ என்பதற்கு, ‘இ’ வினைக்குப் பின்னால் போய் ஒரு சிறு கோட்டால் ஒட்டிக்கொள்ளும்: ‘வா-ஃஸி’. வண்டியின் ரீங்காரம் போன்ற அந்த ‘ஃஸ்’ ஒலி எங்கிருந்து வந்தது?

தமிழில் ‘மணி’யும் ‘அடித்தது’ம் சேரும்போது ‘மணியடித்தது’ என்று ஒரு ‘ய்’ தானாக நுழைகிறதல்லவா, அந்த உடம்படுமெய்யின் வேலையைத்தான் இங்கே ‘ஃஸ்’ செய்கிறது. அலே (போதல்) என்ற வினையிலும், ‘ஏ’ ஒலியில் முடியும் முதல் வகுப்பு வினைகளிலும், ‘நீ’ என்று ஒருமையில் ஏவும்போது கடைசி எஸ் எழுத்து உதிர்ந்துவிடும். ‘நீ வாங்குகிறாய்’ என்னும்போது எழுத்தில் இருக்கிற எஸ், ‘வாங்கு’ என்னும்போது இருக்காது. பின்னால் ‘இ’யோ ‘ஆன்’ஓ வந்தால் மட்டும் அது திரும்பி வரும். ஆகவே ‘அஷெத்’ என்றால் வாங்கு. ‘அஷெத்-ஃஸான்’ என்றால் அதில் வாங்கு. ‘பான்ஸ்’ என்றால் நினை. ‘பான்ஸ்-ஃஸி’ என்றால் அதை நினைவில் வை. எஸ் எழுதாமல் விட்டால் பிரெஞ்சுக்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார், ஏனென்றால் வாசிக்கும்போது ஒலி முட்டும். மரியாதையாக ‘நீங்கள்’ என்று பேசும்போது இந்தத் தொல்லையே இல்லை. ‘பான்ஸே-ஃஸி’யில் அந்த ஒலிக்கான எழுத்து வினையிலேயே இருக்கிறது.

துண்டுச்சீட்டுக்குத் திரும்புவோம். ‘மூன்று வாங்கு’ என்று தமிழில் சொன்னால் போதும். எதை என்பது முன்பே தெரியும். பிரெஞ்சில் அது போதாது. ‘அஷெத் த்ருவா’ என்று நிறுத்தினால் வாக்கியம் ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி இருக்கும். எண்ணைச் சொல்லிப் பொருளைச் சொல்லாமல் விட்டால் ‘ஆன்’ வந்தே தீர வேண்டும்: ‘அஷெத்-ஃஸான் த்ருவா’. தமிழர் எழுதும் பிரெஞ்சில் அடிக்கடி காணாமல் போகும் சொல் இதுதான் என்பேன். தாய்மொழியில் அந்த இடம் காலியாக இருப்பதால், காலியாக இருப்பதே தெரிவதில்லை.

வேண்டாம் என்று தடுக்கும்போது எல்லாம் பழைய வரிசைக்குத் திரும்பிவிடும். ‘நி வா பா’: அங்கே போகாதே. ‘இ’ மறுபடி வினைக்கு முன்னால். கோடும் இல்லை, கூடுதல் எஸ்ஸும் இல்லை. அவற்றில் வாங்காதே என்பது ‘நான் அஷெத் பா’. தெருப்பேச்சில் ‘வா-ஃஸி பா’ என்று சொல்பவர்களும் உண்டு. காதில் விழுந்தால் புரிந்துகொள்ளுங்கள், கடிதத்தில் எழுதாதீர்கள்.

இனி நினைவூட்டல். இங்கேதான் இரண்டு வினைகள் பக்கம் பக்கமாக வந்து குழப்பும். ‘வாங்க மறந்துவிடாதே’ என்பதில் மறத்தல் ஒரு வினை, வாங்குதல் இன்னொன்று. ‘ஆன்’ யாருக்குச் சொந்தம்? தெரியாவிட்டால் தக்காளியைத் திரும்ப வாக்கியத்துக்குள் போட்டுப் பாருங்கள். தக்காளியை வாங்குகிறோம், தக்காளியை மறக்கவில்லை, வாங்குவதை மறக்கிறோம். எனவே ‘ஆன்’ வாங்குதலின் ஆள். அதற்கு ஒட்டினாற்போல் முன்னால் நிற்க வேண்டும்: ‘நூப்லி பா தான் அஷ்தே’. அந்தத் ‘தான்’ நம்முடைய தான் அல்ல. ‘த’ என்ற முன்னிடைச் சொல்லும் ‘ஆன்’னும் கலந்தது. கேள்வி வடிவில் வரும் வேண்டுகோளும் இப்படித்தான். கொஞ்சம் வாங்கி வர முடியுமா என்பது ‘த்யூ பெ ஆன் அஷ்தே?’ முடிதலுக்கு முன்னால் ‘ஆன்’னை வைத்தால் பழைய நூல்களின் வாடை அடிக்கும்.

இந்தச் சோதனை இன்னொரு கண்ணியையும் காட்டிக்கொடுக்கும். ‘போய் வாங்கு’ என்பது ‘வா ஆன் அஷ்தே’. ‘வா’வுக்குப் பின்னால் ‘ஆன்’ வருகிறதே, எஸ்ஸும் கோடும் போட வேண்டாமா? வேண்டாம். பக்கத்தில் நின்றாலும் அது ‘வா’வின் ஆள் இல்லை, அடுத்த வினையின் ஆள். நன்றாகப் பிரெஞ்சு படித்தவர்கள்கூட இந்த இடத்தில் கை தவறி எஸ் போடுவதுண்டு.

‘எனக்குக் கொஞ்சம் கொடு’ என்று கேட்கும்போது இரண்டு சுட்டுச்சொற்கள் வரிசை கட்டும். ‘எனக்கு’ முதலில், ‘ஆன்’ கடைசியில். தனியாக வந்தால் ‘தொன்-முவா’ (எனக்குக் கொடு) என்று இருக்கும் ‘முவா’, ‘ஆன்’னைப் பார்த்ததும் சுருங்கி ஒற்றை ‘ம்’ ஆகிவிடும்: ‘தொன்-மான்’. எழுத்தில் அந்த இடத்தில் கோடு கிடையாது, மேற்குறிதான். பேச்சு வழக்கில் ‘தொன்-முவா-ஃஸான்’ காதில் விழும். பழகிய ‘ஃஸ்’ஸைத் தேவையில்லாத இடத்திலும் நுழைத்துவிடுகிறார்கள். ‘போய்விடு’ என்பதற்கான ‘வா-தான்’னிலும் இதே கதை. நடுவில் இருக்கும் ‘த்’ வெறும் ஒலிப்பாலம் என்று நினைத்து இருபுறமும் கோடு போடுவார்கள். அது ‘உன்னை’ என்னும் சொல்லின் சுருக்கம், அதனால் மேற்குறி.

ஆட்களைப் பற்றிப் பேசும்போது ‘இ’யிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். சந்திப்பை நினைவில் வை என்பதற்கு ‘பான்ஸ்-ஃஸி’ சரி. அம்மாவை நினைத்துக்கொள் என்றால் ‘பான்ஸ் ஆ எல்’ என்று ‘அவளை’ வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ‘இ’ போட்டால் அம்மாவைப் பொருளாக்கின மாதிரி.

கடைசியாக, ‘இ’ இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமலே போகும் ஒரு வாக்கியம். ‘சாயந்திரம் நீ அங்கே போவாய்’ என்று எதிர்காலத்தில் நினைவூட்டும்போது அலே வினை ‘இரா’ என்று உருமாறும். ‘இ’யும் ‘இரா’வும் அடுத்தடுத்து வந்தால் ஒரே ஒலி இரட்டிக்கும். அதனால் ‘இ’யைக் கழற்றிவிட்டு ‘த்யூ இரா’ என்று மட்டும் எழுதுவார்கள். ‘அங்கே’ என்பதைக் கேட்பவர் தாமே சேர்த்துக்கொள்வார்.