ஒரு வரியை மாற்ற எவ்வளவு எழுத வேண்டும்?

கல்யாணப் படங்களை எடுத்து, அவற்றை இணைய ஆல்பமாகத் தரும் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளவுடில் இடம் வாங்கப் போனால் பிளாக், ஃபைல், ஆப்ஜெக்ட் என்று மூன்று வகை சேமிப்பைக் காட்டுவார்கள். ஆப்ஜெக்ட்தான் பெரும்பாலும் மலிவு. எல்லாவற்றையும் அதிலேயே கொட்டிவிட்டால் என்ன?

படங்களைக் கொட்டலாம். அமேசான் 2006இல் தொடங்கிய எஸ்3 இந்த வகைதான். ஒவ்வொரு படமும் ஒரு பெயரோடு முழுப் பொருளாக உள்ளே போகும். இணைய முகவரி வழியாக முழுதாகவோ பகுதியாகவோ வெளியே வரும். உள்ளே இருப்பதில் நடுவே ஒரு வரியை மட்டும் திருத்த முடியாது. புதிதாக முழுவதையும் ஏற்ற வேண்டும். எடுத்த படத்தை யாரும் தினமும் திருத்துவதில்லை என்பதால் இது குறையே அல்ல. வீடியோ, பேக்கப், பழைய லாக் ஆகியவற்றுக்கும் இதுவே போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: `kalyanam/IMG_0412.jpg` என்பதில் ஃபோல்டர் போலத் தெரிவது வழக்கமாகப் பெயரின் ஒரு பகுதிதான். 4,000 படங்கள் உள்ள 'ஃபோல்டரின்' பெயரை மாற்றினால், பின்னணியில் 4,000 நகலெடுப்பும் 4,000 அழிப்பும் நடக்கும்.

ஆர்டர், முன்பணக் கணக்கு வைத்திருக்கும் டேட்டாபேஸின் கதை வேறு. போஸ்ட்கிரெஸ் தன் தகவலை 8 கேபி பக்கங்களாக வைத்திருக்கிறது. ஒருவர் 5,000 ரூபாய் கட்டினால், 20 ஜிபி டேட்டாபேஸில் சில பக்கங்கள்தான் மாறும். அந்தத் துண்டை மட்டும், அதுவும் சில மில்லி விநாடிகளில், எழுதத் தருவது பிளாக் சேமிப்பு. சர்வருக்கு அது வெறும் ஹார்ட் டிஸ்காகத் தெரியும். ஆனால் வழக்கமாக ஒரு சர்வருக்குத்தான் அது சொந்தம். இஎக்ஸ்டி4 போன்ற சாதாரண ஃபைல் சிஸ்டம் போட்ட ஒரே டிஸ்கில் இரண்டு சர்வர்களை எழுதவிட்டால், டிஸ்க் தனக்கே என்று இரண்டும் நினைத்துக்கொண்டு ஒன்றின் குறிப்பை ஒன்று அழிக்கும். ஒன்றில் சேமித்த ஃபைல் மற்றதில் தெரியவில்லை என்றால் அதுவே முதல் அறிகுறி. உடனே ஒன்றைக் கழற்றாவிட்டால் தகவல் கெட்டுவிடும்.

ஆல்பம் வடிவமைக்கும் நான்கு பேர் ஒரே ஃபோல்டரைத் திறந்து வேலை செய்ய ஃபைல் சேமிப்பு வேண்டும். என்எஃப்எஸ், எஸ்எம்பி வழியாக உண்மையான ஃபோல்டரும், ஒருவர் திருத்தும்போது மற்றவரைத் தடுக்கும் பூட்டும் இங்கே உண்டு. ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்கள் சேர்ந்தால் நெட்வொர்க்கில் ஒவ்வொன்றையும் விசாரித்து வர நேரமாகும். ஃபோல்டர் திறக்கவே திணறும். முடிந்த ஆல்பத்தை ஆப்ஜெக்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

பில்லையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்ஜெக்டில் வைத்த அளவுக்குக் காசு, பெரும்பாலும் எடுத்தனுப்பவும் தனிக் காசு. பிளாக்கில் 500 ஜிபி கேட்டுவிட்டு 50 ஜிபிதான் நிரப்பினாலும் 500க்கே பில் வரும்.