கால் அங்குல மரைக்கு எந்த டிரில்?

கேமராவின் அடியில் டிரைபாட் மாட்ட ஒரு மரைத்துளை இருக்கும். அது மில்லிமீட்டர் மரை அல்ல. கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 20 மரை, அதாவது 1/4-20 UNC. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948இல் ஒப்புக்கொண்ட 60 பாகைக் கோண மரைக் குடும்பத்தில் ‘கோர்ஸ்’ வகையைச் சேர்ந்தது. கேமரா தாங்கும் தகடு ஒன்றைப் பட்டறையில் செய்ய வேண்டுமானால் டேப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி வரும்: எத்தனை மில்லிமீட்டர் டிரில்லால் துளை போடுவது?

அட்டவணையைப் பார்த்தால் 5.1 என்று ஒரே பதில் இருக்கும். அந்த எண்ணுக்குள் யாரோ நமக்காக எடுத்துவைத்த முடிவு ஒன்று ஒளிந்திருக்கிறது: மரை 75 சதவீத ஆழத்துக்கு இருந்தால் போதும் என்ற முடிவு. அந்த முடிவை நாமே எடுக்கலாம். கணக்கு எளிது. 33ஐ அங்குலத்துக்கான மரை எண்ணிக்கையால் வகுத்தால், முழு மரைக்கு விட்டத்தில் எத்தனை மில்லிமீட்டர் குறைய வேண்டும் என்பது கிடைக்கும். இங்கே 33 ÷ 20 = 1.65. அதில் வேண்டிய சதவீதத்தை எடுத்து, போல்ட்டின் வெளிவிட்டமான 6.35இலிருந்து கழித்தால் துளையின் அளவு.

```
டிரில் = 6.35 − 1.65 × சதவீதம் / 100
75%  →  5.11
60%  →  5.36
50%  →  5.53
```

சதவீதத்தைக் குறைத்தால் மரை அதே அளவுக்குப் பலவீனமாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். அப்படி ஆவதில்லை. துளையின் மரை ஒவ்வொன்றும் அடியில் அகன்று நுனியில் குறுகிய முக்கோணம். துளையைப் பெரிதாக்கும்போது அந்த மெல்லிய நுனிதான் போகிறது. பாரத்தைத் தாங்கும் அடிப்பகுதி அப்படியே நிற்கிறது. முழு மரை 75 சதவீத மரையைவிட ஏறக்குறைய 5 சதவீதமே கூடுதல் வலு தரும், ஆனால் வெட்ட மூன்று மடங்கு விசை கேட்கும் என்பது பட்டறைக் கையேடுகளின் பழைய கணக்கு. வழக்கமான தடிமனுள்ள நட்டில் 50 சதவீத மரை இருந்தாலே, மரை உரியும் முன் போல்ட் அறுந்துவிடும் என்றும் அவை சொல்கின்றன.

ஆகவே உலோகத்தையும் ஆழத்தையும் பார்த்து முடிவு செய்யலாம். கேமராத் தகடு 6 மி.மீ. அலுமினியம் என்று வைப்போம். டிரைபாட் திருகு உள்ளே 5 மி.மீ. அளவுக்குத்தான் போகும், பிடிப்பது நான்கே மரை. அலுமினியம் மென்மையானது, அடிக்கடி கழற்றி மாட்டவும் செய்வோம். டேப்புக்கும் சிரமம் இல்லை. இங்கே 75 சதவீதமே சரி, 5.1 டிரில் போதும்.

அதே மரையை 12 மி.மீ. ஆழத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடும்போது நிலைமை தலைகீழ். அந்த உலோகம் வெட்ட வெட்ட இறுகும். துருவல் டேப்பின் பள்ளத்தில் அடைக்கும். டேப் கிறீச்சிடும், ரெஞ்சைத் திருப்பினால் வெட்டாமல் வில்போல முறுக்கிக்கொண்டு திரும்பும். அதுதான் முறியப்போவதற்கான அறிகுறி. உடனே பின்னால் சுழற்றித் துருவலை வெளியேற்ற வேண்டும். பிடிக்க ஒன்பது மரை இருப்பதால் ஆழத்தைத் தாராளமாகக் குறைக்கலாம். 5.3 டிரில் ஏறக்குறைய 64 சதவீதம் தரும். டேப்பை முறித்து வேலையையே இழப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு ஓர் எல்லை உண்டு. வரைபடத்தில் 2B என்று இருந்தால், இந்த மரையின் உள்விட்டம் 4.98க்கும் 5.26க்கும் இடையில் இருந்தாக வேண்டும். 5.3 துளை கேஜில் தோற்றுவிடும். அப்போது 5.2 எடுக்கலாம், அது கிட்டத்தட்ட 70 சதவீதம். ஆனால் கவனம் வேண்டும்: இந்த அளவு டிரில் தன் விட்டத்தைவிட 0.05 முதல் 0.1 மி.மீ. வரை பெரிதாகத் துளையிடுவது சகஜம். முனை ஒருபக்கமாகத் தீட்டப்பட்டிருந்தால் இன்னும் கூடும். அப்படிப் பெரிதானால் 5.2 டிரில்லே எல்லையைத் தாண்டிவிடும். கழிவுத் துண்டில் ஒரு துளை போட்டு அளந்த பிறகு வேலையில் கை வையுங்கள்.

இவை எல்லாம் உலோகத்தை வெட்டி எடுக்கும் டேப்புக்கான கணக்கு. துருவல் வராமல் உலோகத்தை அழுத்தி மரை எழுப்பும் ஃபார்மிங் டேப்புக்கு இது பொருந்தாது. அதே கால் அங்குல மரைக்கு அதற்கு 5.8 மி.மீ. அளவில் துளை வேண்டும்.